தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள் – "ஹலால் லாபம்" என்று வரும் டெபாசிட் திட்டங்கள் (ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய சாந்தியும் ஸலவாத்தும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்களைப் பின்பற்றி வாழும் நம் அனைவர் மீதும் உண்டாகட்டும்.



முஸ்லிம் நூலில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் நடந்து போகிறார்கள். ஒருவர் தானியத்தைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருக்கிறார். மேலே பார்த்தால் நன்றாகக் காய்ந்த தானியம். நபியவர்கள் அந்தக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரலில் ஈரம் பட்டது. ஏன் இப்படி என்று கேட்டார்கள். மழை பட்டுவிட்டது என்றார் அவர். அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள்.

இந்த ஹதீஸை நாம் எப்போதும் விற்பவருக்குத்தான் சொல்கிறோம். இன்று வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். நபியவர்கள் குவியலின் மேற்பரப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை. விற்பவர் ஒரு முஸ்லிம்தானே, இவரைப் போய்ச் சோதிப்பதா என்று கூச்சப்படவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சோதித்துப் பார்ப்பது சந்தேகப் புத்தி அல்ல, அது சுன்னத் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை இன்று பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். சவூதியில் பதினேழு வருடம் டிரைவராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கையில் 8 லட்சம் ரூபாய் இருக்கிறது. மகளின் நிக்காஹுக்கு வைத்திருப்பது. அவர் ஒரு நோட்டீஸை நீட்டி, "ஹஜ்ரத், இதில் போடலாமா? வட்டி இல்லையாம், ஹலால் லாபமாம். நம்ம ஆளுங்கதான் நடத்துறாங்க. எனக்குச் சொன்னதே நம்ம பள்ளியில் தொழுகிறவர்தான்" என்றார்.

நோட்டீஸின் மேலே பிஸ்மி போட்டிருந்தது. கீழே, முழாரபா முறையில் தங்க வியாபாரம், முதலீட்டுக்கு மாதம் 3 சதவீதம் லாபம் உறுதி, அசலுக்கு நூறு சதவீத உத்தரவாதம் என்று எழுதியிருந்தது.

நாங்கள் இருவரும் பள்ளியின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அந்தக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தோம். என்னவெல்லாம் பார்த்தோம் என்பதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். உங்களிடமும் இப்படி ஒரு நோட்டீஸ் வரும்.

முதல் ஈரம்: உறுதியான லாபம்

முழாரபா என்றால் என்ன? ஒருவர் பணம் போடுகிறார், இன்னொருவர் உழைக்கிறார். லாபம் வந்தால் முன்பே பேசிய விகிதத்தில், பாதிக்குப் பாதி என்றோ அறுபதுக்கு நாற்பது என்றோ, பிரித்துக்கொள்கிறார்கள். நஷ்டம் வந்தால், உழைப்பவர் கவனக்குறைவாகவோ மோசடியாகவோ நடக்காதவரை, பண நஷ்டம் பணம் போட்டவருக்கு. உழைத்தவருக்கு அவருடைய உழைப்பு நஷ்டம். லாபத்தில் இத்தனை பங்கு என்று பேசலாம். இத்தனை ரூபாய் கட்டாயம் தர வேண்டும் என்று ஒரு தரப்புக்கு நிர்ணயித்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது. இதில் மத்ஹபுகளின் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது.

நஷ்டத்தை ஏற்பவருக்கே லாபத்தில் உரிமை என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. நம் வியாபாரச் சட்டங்கள் நிற்கும் தூண்களில் ஒன்று அது.

இப்போது நோட்டீஸைப் பாருங்கள். போட்ட பணத்தில் மாதம் 3 சதவீதம் உறுதி, அசலும் உறுதி. அப்படியானால் இது முழாரபா அல்ல. பணத்தைக் கடனாகக் கொடுத்து மேலே நிர்ணயித்த தொகை வாங்குவது. அதற்கு நம் மார்க்கத்தில் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். "வட்டி" என்ற சொல்லை அழித்துவிட்டு "லாபம்" என்று எழுதினால் பொருள் மாறிவிடாது.

ஆக, ஹலால் என்ற சொல்லும் உறுதியான லாபம் என்ற சொல்லும் ஒரே நோட்டீஸில் இருந்தால், அந்த நோட்டீஸே தன்னைப் பொய்யாக்கிக்கொள்கிறது. உண்மையான வியாபாரமாக இருந்தால் லாபம் ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும், ஒரு மாதம் ஒன்றுமே இருக்காது. மாறாமல் வருகிறது என்றால் அந்தப் பணம் வியாபாரத்திலிருந்து வருகிறதா என்று கேட்க வேண்டும். நம் சமுதாயத்துக்கு இதைவிட எளிய எச்சரிக்கை அடையாளம் கிடையாது. கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. மதரஸாவில் ஓதிய பாடமே போதும்.

இரண்டாவது ஈரம்: "மாதாமாதம் தவறாமல் வருது"

அந்தச் சகோதரர் என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், எனக்குச் சொன்னவர் ஒன்றரை வருடமாக வாங்குகிறார். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பாஸ்புக்கைக் காட்டினார்."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குப் பணம் வந்திருக்கிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது?

ஒரு கணக்குப் போடுவோம். பத்துப் பேர் ஆளுக்கு 8 லட்சம் போடுகிறார்கள். மொத்தம் 80 லட்சம். ஆள் சேர்த்த ஏஜெண்டுக்கு 5 சதவீதக் கமிஷன், 4 லட்சம். மீதி 76 லட்சம். நடத்துபவர் எந்த வியாபாரமும் செய்யவில்லை, பணத்தை அப்படியே பெட்டியில் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். பத்துப் பேருக்கும் மாதம் 24,000 வீதம் 2,40,000 கொடுக்க வேண்டும். இருக்கிற 76 லட்சத்தில் அவர் எத்தனை மாதம் கொடுக்கலாம்? 31 மாதம்! ஒரு ரூபாய் வியாபாரம் செய்யாமல், புதிதாக ஒரு ஆளைக்கூடச் சேர்க்காமல், இரண்டரை வருடத்துக்கு மேல் "ஹலால் லாபம்" ஒரு மாதம் தவறாமல் வரும். வருவது நீங்கள் போட்ட பணம்தான். உங்கள் அசலை உடைத்து, லாபம் என்று பெயர் வைத்து உங்கள் கையிலேயே கொடுக்கிறார்.

அவர் பணத்தைப் பெட்டியில் வைத்திருக்கப்போவதில்லை. ஷோரூம், கார், விளம்பரம், திறப்பு விழா என்று 30 லட்சம் செலவழித்தால் மீதி 46 லட்சம். அதுவும் 19 மாதம் தாங்கும். அந்தப் பத்தொன்பது மாதத்துக்குள் புதிய ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் இன்னும் பல வருடம் ஓடும். அதனால்தான் ஆள் சேர்த்தால் கமிஷன் கொடுக்கிறார்கள். நல்ல வியாபாரத்துக்குச் சரக்கு வாங்குபவர்கள் தேவை. இதற்கு டெபாசிட் போடுகிறவர்கள் மட்டுமே தேவை.

இதில் அதிகமாக அடிபடுபவர் யார்? மாதப் பணத்தை வாங்காமல், அதையும் அங்கேயே திரும்பப் போட்டவர். "நம்பிக்கையான இடம், அங்கேயே வளரட்டும்" என்று விட்டவருக்குக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது.

எனவே மாதாமாதம் வருகிறது என்பது ஒரு திட்டம் நல்லது என்பதற்கு ஆதாரமே அல்ல. உங்கள் நண்பரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "லாபம் வாங்கினீர்கள், சரி. போட்ட அசலை முழுவதும் திருப்பிக் கேட்டு, வாங்கியிருக்கிறீர்களா?" அசலைக் கேட்கும்போது இந்த மாதம் முடியாது, புதிய திட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இன்னும் ஒரு வருடம் வைத்தால் கூடுதலாகத் தருகிறோம் என்று இழுத்தால், குவியலின் ஈரம் மேலே வந்துவிட்டது என்று பொருள்.

இது கற்பனை அல்ல. பெங்களூருவில் 2006-ல் ஆரம்பித்த ஐ.எம்.ஏ. நிறுவனம், வட்டியில்லாத ஹலால் முதலீடு என்று சொல்லி, பெரும்பாலும் நம் மக்களிடமிருந்தே பணம் வாங்கியது. பல வருடம் பணம் வந்துகொண்டிருந்தது. நகைக்கடை இருந்தது, பள்ளிக்கூடங்களுக்கு உதவி செய்தார்கள், நல்ல பெயர் இருந்தது. 2019 ஜூன் மாதம் நிறுவனர் ஓர் ஒலிப்பதிவை அனுப்பிவிட்டு நாட்டை விட்டே போய்விட்டார். சிவாஜிநகர் அலுவலகத்தின் முன் ஆயிரக்கணக்கான மக்கள் புகார் எழுதிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அதில் நிறையப் பேர் பெண்கள். திரட்டியது சுமார் 4,000 கோடி ரூபாய் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. அடுத்த மாதம் அவர் டெல்லியில் கைது செய்யப்பட்டார். அந்தத் திட்டத்தை மக்களிடம் ஊக்குவித்தார் என்று குற்றம்சாட்டப்பட்டு ஓர் இமாமும் கைதானார். மிம்பரில் நிற்கிற எனக்கும் அதில் பாடம் இருக்கிறது.

மூன்றாவது ஈரம்: யார் அனுமதி கொடுத்தது?

அடுத்து அந்தச் சகோதரர், "எல்லாம் பதிவு பண்ணியிருக்காங்க ஹஜ்ரத்" என்று மொபைலில் சான்றிதழ்களைக் காட்டினார். கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், ஜி.எஸ்.டி. எண், பான் கார்டு, ஐ.எஸ்.ஓ. சான்றிதழ். எல்லாம் அசல்தான்.

இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். கம்பெனி பதிவு என்பது இப்படி ஒரு கம்பெனி பிறந்திருக்கிறது என்பதற்கான பிறப்புச் சான்றிதழ். ஜி.எஸ்.டி. வரி கட்டுவதற்கு. பிறப்புச் சான்றிதழைக் காட்டி யாரும் பஸ் ஓட்ட முடியாது, அதற்கு லைசென்ஸ் வேண்டும். அதுபோல, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதியை யார் கொடுத்தார்கள் என்பதே கேள்வி.

வங்கியாக இருந்தால் ரிசர்வ் வங்கி. டெபாசிட் வாங்கும் நிதி நிறுவனமாக இருந்தால் அதற்கும் ரிசர்வ் வங்கியின் பதிவு வேண்டும், அதிலும் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றவை கொஞ்சம்தான். பலரிடம் பணம் திரட்டி முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட் போன்றவற்றுக்கு செபி. சீட்டு நடத்துவதற்குச் சீட்டுப் பதிவாளர். நிதி கம்பெனியும் கூட்டுறவுச் சங்கமும் தங்கள் உறுப்பினர்களிடம் மட்டுமே டெபாசிட் வாங்கலாம். இவற்றில் எதிலும் இல்லாமல் ஒரு கடைக்காரரோ கூட்டு நிறுவனமோ பொதுமக்களிடம் டெபாசிட் திரட்டினால் அது ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட்.

2019-ல் மத்திய அரசு இதற்கென்றே ஒரு தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கும் பணத்துக்குமேல் கொடுப்பதை வட்டி என்று சொன்னாலும், போனஸ் என்று சொன்னாலும், லாபம் என்று சொன்னாலும் அது டெபாசிட்தான் என்கிறது சட்டம். "நாங்கள் வட்டி கொடுக்கவில்லை, அதனால் ரிசர்வ் வங்கி எங்களுக்குப் பொருந்தாது" என்று யாராவது சொன்னால் அது தவறு. மார்க்கத்தில் பெயரை மாற்றினால் ஹலால் ஆகாது, சட்டத்திலும் பெயரை மாற்றினால் தப்ப முடியாது.

தாழ்வாரத்தில் உட்கார்ந்தபடியே மொபைலில் பார்த்தோம். ரிசர்வ் வங்கி நடத்தும் sachet.rbi.org.in என்ற தளம் இருக்கிறது. ஒரு நிறுவனம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றதா என்று அங்கே தேடலாம், புகாரும் கொடுக்கலாம். நோட்டீஸில் இருந்த பெயர் அங்கே இல்லை. பிறகு mca.gov.in தளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடினோம். கம்பெனி உண்மைதான். ஆனால் ஆரம்பித்து பதினான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது. நடத்துபவர்கள் தங்கள் பங்காகப் போட்ட மூலதனம் 1 லட்சம் ரூபாய். நோட்டீஸில் "இருபது வருடப் பாரம்பரியம்" என்று போட்டிருந்தது. பாஸ்புக் காட்டியவர் ஒன்றரை வருடமாக வாங்குகிறார் என்றாரே, அப்படியானால் அந்தக் கம்பெனி பிறப்பதற்கு முன்பே யார் பெயரில் பணம் வாங்கினார்கள்? நண்பரின் 8 லட்சத்தைக் கேட்பவர்கள் தங்கள் கையிலிருந்து போட்டது ஒரே ஒரு லட்சம்.

ஓர் அளவுகோலும் வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நிதி நிறுவனமே டெபாசிட்டுக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 12.5 சதவீதம்தான் கொடுக்கலாம். அந்த வட்டியை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை, அஸ்தஃபிருல்லாஹ். ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அந்தக் கணக்கில் 8 லட்சத்துக்கு வருடத்துக்கு 1 லட்சம். நோட்டீஸ்காரர் தருவதாகச் சொல்வது 2,88,000. அவ்வளவு சம்பாதிக்கத் தெரிந்த வியாபாரி எதற்காக வீடு வீடாக வந்து, நம் வீட்டுப் பெண்களின் நகையை விற்றுப் போடச் சொல்கிறார்?

நான்காவது ஈரம்: கையில் கிடைக்கும் காகிதம்

கடைசியாக, பணம் போட்டால் என்ன கொடுப்பார்கள் என்று கேட்டேன். மாதிரி ஒப்பந்தத்தைக் காட்டினார். 20 ரூபாய் முத்திரைத்தாளில் இரண்டு பக்கம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும், சாட்சி வைக்கவும் சொல்லும் வசனம் ஸூரத்துல் பகராவில் இருக்கிறது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். அல்லாஹ் அவ்வளவு விரிவாகச் சொன்னதை நாம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம்.

நாங்கள் படித்தோம். நோட்டீஸில் முழாரபா என்று இருந்தது. ஒப்பந்தத்தில் அந்தச் சொல்லே இல்லை. "நட்பு அடிப்படையில் கைமாற்றாகப் பெற்ற தொகை" என்று இருந்தது. தங்க வியாபாரம் பற்றி ஒரு வரி இல்லை. மாதம் 3 சதவீதம் என்பதும் இல்லை, அது வாய்வார்த்தை. நோட்டீஸில் கம்பெனியின் பெயர், ஒப்பந்தத்தில் கையெழுத்து ஒரு தனிநபருடையது. பணம் அனுப்பச் சொன்ன வங்கிக் கணக்கு மூன்றாவதாக வேறொரு பெயரில். பாதிப் பணத்தை ரொக்கமாகத் தரச் சொன்னார்களாம்.

நோட்டீஸ், ஒப்பந்தம், ரசீது, வங்கிக் கணக்கு ஆகிய நான்கிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். நாளை கோர்ட்டுக்குப் போனால் கேட்பது, யாரிடம் கொடுத்தீர்கள், என்ன சொல்லி வாங்கினார், எதன் வழியாகக் கொடுத்தீர்கள் என்பதுதான். நான்கு காகிதத்தில் நான்கு பெயர் இருந்தால், அவர்கள் முதல் நாளிலேயே அந்த நாளுக்காகத் தயாராகிவிட்டார்கள்.

இன்னொரு முறையும் உண்டு. உங்களை "பங்குதாரர்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். கேட்கப் பெருமையாக இருக்கும். பங்குதாரர் போடும் மூலதனத்தைச் சட்டம் டெபாசிட் என்று கொள்வதில்லை, அதற்காகத்தான் அப்படி எழுதுகிறார்கள். பெங்களூருவிலும் பணம் போட்டவர்களைக் காகிதத்தில் கூட்டாளிகளாகத்தான் காட்டினார்கள். கடைசியில் அங்கே டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் நடவடிக்கை எடுக்கப்பட்டது, ஆனால் அதற்குள் பணம் போய்விட்டது. உண்மையான பங்குதாரர் என்றால் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை உண்டு. எனவே கேளுங்கள்: "நான் பங்குதாரர் என்றால், சென்ற வருட வரவுசெலவைக் காட்டுங்கள். எங்கே தங்கம் வாங்கினீர்கள், யாருக்கு விற்றீர்கள், பில்லைக் காட்டுங்கள்." அது வியாபார ரகசியம் என்றோ, நம்பிக்கை இல்லாவிட்டால் போட வேண்டாம் என்றோ பதில் வந்தால், எழுந்து ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

"நம்ம ஆளு" என்ற திரை

அந்தச் சகோதரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போடலை ஹஜ்ரத். ஆனா அவர்கிட்ட எப்படிச் சொல்றது? தினமும் பக்கத்துல நின்னு தொழுகிறவர்" என்றார்.

இதுதான் உண்மையான கஷ்டம். பணக் கணக்கு சுலபம், முகதாட்சண்யம்தான் பெரும்பாடு. சொந்த மச்சான் வந்து கேட்பார், ஆபா வந்து கேட்பார், நம் பிள்ளைக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாதே வந்து சொல்வார். அவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். அவர்களும் போட்டிருக்கிறார்கள், நம்பித்தான் சொல்கிறார்கள். நீங்கள் மறுப்பது அவரை அல்ல. அவரும் கையை விட்டுப் பார்க்காத குவியலை மறுக்கிறீர்கள்.

அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "பாய், உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அவர்களிடம் டெபாசிட் வாங்கும் அனுமதி எங்கே என்று நாம் இருவரும் சேர்ந்து கேட்போம். நீங்களும் உங்கள் அசலில் பாதியைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்." இதனால் அவருக்கும் நன்மை. நபி (ஸல்) அவர்கள் மார்க்கம் என்பதே நலம் நாடுவது என்று கற்றுத்தந்தார்கள்.

கமிஷனுக்காக ஆள் சேர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த 2019 சட்டத்தில் பணம் வாங்குவது மட்டும் குற்றமல்ல. இப்படிப்பட்ட திட்டத்தில் சேரச் சொல்லி மக்களைத் தூண்டுவதும் குற்றம், அதற்குச் சிறைத் தண்டனை இருக்கிறது. நானும் பத்துப் பேரில் ஒருவனாக ஏமாந்தேன் என்று அன்று சொல்ல முடியாது, கமிஷன் உங்கள் கணக்கில் வந்திருக்கும்.

நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். பள்ளிக்கு ஏ.சி. போட்டுத் தருகிறேன், இஃப்தார் முழுவதும் என் பொறுப்பு என்று ஒருவர் வந்து, பதிலுக்கு ஓர் அறிவிப்பு மட்டும் கேட்டால், அவர் நம் பள்ளியின் நம்பகத்தன்மையை விலைக்குக் கேட்கிறார். என்னிடமும் அப்படி ஒருவர் வந்தார். இந்த ஒலிபெருக்கி அதற்கு அல்ல என்று சொல்லி அனுப்பினேன்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு

உங்களில் சிலர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். வெட்கப்பட வேண்டாம். ஏமாற்றப்பட்டவர் குற்றவாளி அல்லர்.

முதலில், இன்னொரு ரூபாய்கூடப் போடாதீர்கள், இன்னொருவரைச் சேர்க்காதீர்கள். என் பணம் வெளியே வரப் புதிய ஆள் வேண்டும் என்று இன்னொரு வீட்டை அதில் தள்ளுவது பெரிய அநியாயம். அடுத்து, அசலை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். அசல் ஒப்பந்தத்தையும் ரசீதையும் புதுப்பித்துத் தருகிறோம் என்று கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், நகலை மட்டும் கொடுங்கள். வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் செய்திகள், நோட்டீஸ், எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள்.

பணம் வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் இதற்கென்றே காவல்துறையில் பொருளாதாரக் குற்றப் பிரிவு இருக்கிறது. 1997-ல் வந்த தமிழ்நாடு டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவர்கள் வழக்குப் பதியலாம், நடத்துபவர்களின் சொத்துகளை முடக்கலாம், சிறப்பு நீதிமன்றம் வழியாக அதை விற்று டெபாசிட்தாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இதற்கு வருடங்கள் ஆகும், போட்டது முழுவதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் முடக்குவதற்குச் சொத்து மிச்சமிருக்கும்போதே புகார் போனால்தான் ஏதாவது கிடைக்கும். "புகார் கொடுத்தால் பணம் வராது, பொறுமையாக இருந்தால் தருகிறோம்" என்று அவர்கள் சொல்வது, சொத்தை மாற்றி எழுதுவதற்கான அவகாசம். ஸப்ர் என்ற அழகான சொல்லை இதற்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்படியானால் பணத்தை என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். முழாரபா செய்யுங்கள், உண்மையான முழாரபா. கண்ணால் பார்க்கும் கடை, தெரிந்த ஆள், எழுதிய விகிதம், பார்க்கக்கூடிய கணக்கு, நஷ்டம் வந்தால் தாங்கக்கூடிய தொகை. செபியில் பதிவு பெற்ற, ஷரீஅத் வரம்புகளைப் பார்த்து முதலீடு செய்யும் ஃபண்டுகளும் உண்டு. அதில் மதிப்பு ஏறும், இறங்கும், யாரும் உறுதி கொடுப்பதில்லை. அனுமதி இருக்கிறது என்பதற்காக ஒன்று ஹலால் ஆகிவிடாது. ஹலால் என்று எழுதியிருப்பதற்காக அனுமதி இருக்கிறது என்றும் ஆகிவிடாது. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். மகளின் நிக்காஹுக்கு வைத்த பணத்தை, ஹஜ்ஜுக்கு வைத்த பணத்தை எந்த நஷ்டத்துக்கும் உட்படுத்தாதீர்கள்.

அந்தச் சகோதரர் இப்போதும் நம் பள்ளியில்தான் தொழுகிறார். 8 லட்சம் அவரிடமே இருக்கிறது. நோட்டீஸைக் கொடுத்த நண்பர் போன வாரம் அசலைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்ததாம். அவருக்காக துஆ செய்யுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வாயாக. வியர்வை சிந்திச் சேர்த்த எங்கள் சகோதரர்களின் பணத்தையும், எங்கள் சகோதரிகளின் நகையையும் மோசடிக்காரர்களிடமிருந்து பாதுகாப்பாயாக. இழந்தவர்களுக்கு அவர்களின் உரிமையைத் திருப்பிக் கொடுப்பாயாக. கேட்க வேண்டிய கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்கும் தைரியத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.